ஒரே விகித வரியா, அடுக்கு வரியா? மூன்று வருமானங்களில் போட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடியில் நான் பார்ப்பது கணக்கு எழுதும் வேலை. ஜூன், ஜூலை வந்தால் ஆட்கள் பையும் பில்லுமாக வந்து உட்காருவார்கள். ஒரு வருஷம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கையில் காய்ந்த சிமென்ட். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டுத் திருப்பி எடுக்கிற வேலையை இன்றும் அவரே செய்கிறார். வரித் தொகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எனக்கு 15 சதவீதம் பிடிக்கிறாங்க. பேசாம எல்லாருக்கும் ஒரே 10 சதவீதம்னு வச்சிட்டா நமக்கும் குறையும், கணக்கும் சுளுவா இருக்கும்ல?"

அவருடைய நிகர வருமானம் 15 லட்சம். வரியின்மேல் கூடுதலாகப் போடும் செஸ் போக, அவர் கட்டிய வரி 1,05,000 ரூபாய். 10 சதவீதம் என்று வைத்தால் 1,50,000 கட்ட வேண்டும். குறையும் என்று அவர் நம்பியது 45,000 ரூபாய் கூடத்தான் செய்யும். பேப்பரை எடுத்து எழுதிக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று எழுதிக் காட்டியதைத்தான் இங்கே விரிவாகத் தருகிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நம் ஊரில் மூன்று வகை வசூலையும் நாம் பார்த்திருக்கிறோம். நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி உண்டு. கல்யாணம் ஆனவர் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே தொகை. பணக்காரர், ஏழை என்ற கணக்கு அதில் இல்லை. இது தலைக்கட்டு வரி. மகமை வேறு மாதிரி. நடந்த வியாபாரத்துக்கு ஏற்ப, மூட்டைக்கு இவ்வளவு, நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பது. பத்து மூட்டை விற்றவரைவிட நூறு மூட்டை விற்றவர் பத்து மடங்கு தருவார். விகிதம் இருவருக்கும் ஒன்றே. ஒரே விகித வரி என்பது இந்த மகமையின் ஜாதி. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறினால் அது வளர்விகித வரி, அதாவது அடுக்கு வரி. நாம் கட்டும் வருமான வரி இந்த மூன்றாவது வகை.

ஒரே விகித வரி என்றதும் பலருக்கும் புள்ளி வரிதான் மனதில் வருகிறது. "எல்லாரும் ஒரே தொகை" என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றாக இருப்பது விகிதம்தான், தொகை இல்லை.

படி 1: மூன்று வருமானங்களை எழுதுங்கள்

மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன். பட்டறைக்காரர் என்னிடம் வந்தவர்தான். மற்ற இருவரும் கணக்குக்காக நான் வட்டமான எண்களில் அமைத்தவர்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

முதலாவது, கானாடுகாத்தானில் தேன்குழலும் அதிரசமும் சீப்புச்சீடையும் செய்து கொடுக்கும் ஆச்சி: 5 லட்சம். இரண்டாவது, டைல்ஸ் பட்டறைக்காரர்: 15 லட்சம். மூன்றாவது, பெரிய வீட்டைச் சீர்செய்து தங்கும் விடுதியாக நடத்துபவர்: 30 லட்சம். மொத்தம் 50 லட்சம். இதில் ஆச்சிக்கு 10 சதவீதம், பட்டறைக்கு 30, விடுதிக்கு 60. இந்த 10, 30, 60 என்பதை ஓரமாக எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

இவை விற்பனைத் தொகை இல்லை, செலவு போக நிற்கும் வரிக்குரிய வருமானம். ஆச்சிக்கு எண்ணெய், மாவு, கேஸ், கூட வேலை செய்யும் பெண்களின் சம்பளம் எல்லாம் போனபிறகு நிற்பதுதான் 5 லட்சம். விற்பனையை வருமானமாக எழுதிவிட்டால் மேற்கொண்டு போடும் எல்லாமே தப்பு. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது விற்பனைக் கணக்கைத்தான்.

படி 2: அடுக்கு வரியைப் போடுங்கள்

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை எடுக்கிறேன். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. தள்ளுபடியும் செஸ்ஸும் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சேர்த்துக்கொள்வோம். முதலிலேயே சேர்த்தால் எதனால் எது மாறியது என்று பிடிபடாது.

பட்டறைக்காரரை முழுதாகப் போடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான். அவருடைய 15 லட்சத்தை ஒரே கட்டாக எடுக்கக் கூடாது. மாடிப்படி மாதிரி, 4 லட்சம் 4 லட்சமாக வெட்டிப் படிகளில் அடுக்க வேண்டும். முதல் படி 4 லட்சம், வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 3 லட்சம்தான் 15 சதவீதப் படியில் உட்காருகிறது, அதற்கு 45,000. கூட்டினால் 1,05,000.

"எனக்கு 15 சதவீதம்" என்று அவர் சொன்னது அந்தக் கடைசி 3 லட்சத்துக்கு மட்டும் உண்மை. 15 லட்சம் முழுவதற்கும் 15 சதவீதம் என்றால் 2,25,000 வந்திருக்கும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் கணக்கில் இப்படி ஒரு பெரிய தொகை வந்தால், படி பிரிக்காமல் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆச்சிக்கு 4 லட்சத்துக்கு மேல் நிற்பது 1 லட்சம். 5 சதவீதம், 5,000. விடுதிக்காரருக்கு 24 லட்சம் வரை உள்ள படிகள் 20,000, 40,000, 60,000, 80,000, 1,00,000 என்று சேர்ந்து 3,00,000. அதற்கு மேலுள்ள 6 லட்சத்துக்கு 30 சதவீதம் 1,80,000. ஆகமொத்தம் 4,80,000.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு 4 லட்சத்திலும் விகிதம் சரியாக 5 சதவீதம் ஏறுகிறது. ஆகவே 4, 8, 12, 16, 20, 24 ஆகிய ஒவ்வொரு எல்லைக்கும் மேல் எவ்வளவு நிற்கிறது என்று கூட்டி, அதில் 5 சதவீதம் எடுத்தால் போதும். பட்டறைக்கு 11, 7, 3 லட்சம். கூட்டினால் 21 லட்சம். 5 சதவீதம் 1,05,000. கம்ப்யூட்டரில் போடுபவர்கள் வருமானத்தை A2 கட்டத்தில் எழுதிவிட்டு இதைத் தட்டினால் அதே விடை வரும்:

```
=5%*(MAX(0,A2-400000)+MAX(0,A2-800000)+MAX(0,A2-1200000)+MAX(0,A2-1600000)+MAX(0,A2-2000000)+MAX(0,A2-2400000))
```

படி 3: உண்டியலைச் சமமாக்குங்கள்

இந்தக் கணக்கின் முதுகெலும்பு இந்தப் படிதான். இதைத் தாண்டிப்போகிறவர்கள் என்ன சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூவரும் கட்டியது 5,000 + 1,05,000 + 4,80,000 = 5,90,000. இதுதான் உண்டியலில் விழுந்த பணம். "எல்லாருக்கும் 10 சதவீதம்" என்றால் 50 லட்சத்தில் 5,00,000தான் விழும், 90,000 குறையும். சாலையும் ஆஸ்பத்திரியும் அதே செலவில்தான் ஓடுகின்றன என்றால், அந்த 90,000-ஐ யாரோ கட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் இரண்டு முறைகளை ஒப்பிடுவது, ஒரு தட்டில் கல்லை மறைத்து வைத்துத் தராசு பிடிப்பது மாதிரி.

ஆகவே விகிதத்தை நாமாக நினைத்து வைக்கக் கூடாது, கண்டுபிடிக்க வேண்டும். மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுங்கள்: 5,90,000 ÷ 50,00,000 = 11.8 சதவீதம். அடுக்கு வரி எவ்வளவு திரட்டுகிறதோ அதே தொகையைத் திரட்டும் ஒரே விகிதம் இது. இதில் ஆச்சிக்கு 59,000, பட்டறைக்கு 1,77,000, விடுதிக்கு 3,54,000. கூட்டிப் பாருங்கள், 5,90,000 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ கை தவறியிருக்கிறது.

படி 4: "பங்கு" என்றால் எது என்று பிரியுங்கள்

சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு சொல்லால். பங்கு என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒருவர் தன் வருமானத்தில் எத்தனை சதவீதத்தைக் கட்டுகிறார் என்பது ஒன்று. உண்டியலில் விழுந்த மொத்தத்தில் எத்தனை சதவீதம் அவருடையது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு அவர் வரியை அவர் வருமானத்தால் வகுக்க வேண்டும். இரண்டாவதுக்கு அவர் வரியை மொத்த வரியால் வகுக்க வேண்டும்.

| | ஆச்சி | பட்டறை | விடுதி |
|---|---|---|---|
| வருமானம் | 5,00,000 | 15,00,000 | 30,00,000 |
| அடுக்கு வரி | 5,000 | 1,05,000 | 4,80,000 |
| தன் வருமானத்தில் | 1% | 7% | 16% |
| உண்டியலில் | 0.8% | 17.8% | 81.4% |
| ஒரே விகித வரி | 59,000 | 1,77,000 | 3,54,000 |
| தன் வருமானத்தில் | 11.8% | 11.8% | 11.8% |
| உண்டியலில் | 10% | 30% | 60% |

ஓரமாக எழுதி வைத்த 10, 30, 60 அட்டவணையின் கடைசி வரிசையில் வந்து நிற்கிறதா? ஒரே விகித வரியில் உண்டியல் பங்கும் வருமானப் பங்கும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அதுவே உங்கள் கணக்குக்குச் சாட்சி.

இந்த அட்டவணையை வைத்து இரண்டு பக்கமும் உண்மையைச் சொல்லியே ஆளைத் திசைதிருப்பலாம். "விடுதிக்காரர் ஒருவரே 81 சதவீத வரியைச் சுமக்கிறார்" என்று ஒருவர் சொல்வார். சரிதான், ஆனால் அது உண்டியல் பங்கு. அதே மனிதர் தன் வருமானத்தில் கொடுத்தது 16 சதவீதம். 84 சதவீதம் அவர் கையில் இருக்கிறது. இன்னொருவர் "ஒரே விகிதத்திலும் பணக்காரர்தான் ஆறு மடங்கு அதிகம் கட்டுகிறார்" என்பார். அதுவும் சரி, 59,000-க்கு 3,54,000 ஆறு மடங்குதான். வருமானமும் ஆறு மடங்கு என்பதை அவர் சொல்வதில்லை. யாராவது "பங்கு" என்றால், எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

படி 5: கையில் நிற்பதைப் பாருங்கள்

அடுக்கிலிருந்து ஒரே விகிதத்துக்கு மாறினால் ஆச்சி 54,000 கூடக் கட்டுகிறார், பட்டறைக்காரர் 72,000 கூடக் கட்டுகிறார், விடுதிக்காரருக்கு 1,26,000 மிச்சம். 54-ம் 72-ம் சேர்ந்தால் 126. உண்டியலில் ஒரு ரூபாய்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூவருக்குள் பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாதக் கணக்கில் ஆச்சிக்கு இது 4,500 ரூபாய். 41,250 நின்ற கையில் இனி 36,750 நிற்கும். இந்த மாதிரி ஒரு கணக்கை நான் விளக்கியபோது, பலகாரம் போடும் ஒரு ஆச்சி கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது: "தம்பி, எல்லாருக்கும் ஒண்ணுன்னா நல்லதுன்னுதானே தோணும். ஆனா நான் வீட்டுச் செலவுல கை வைக்கணும், அவுக சேமிப்புல கை வச்சாப் போதும். அது எப்படி ஒண்ணாகும்?" வளர்விகித வரிக்குப் பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லும் காரணம், கட்டும் சக்திக்கு ஏற்ற வரி என்பது. என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனால் எது நியாயம் என்பதைக் கணக்கு சொல்லாது. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

புள்ளி வரி மாதிரி மூவருக்கும் ஒரே தொகை என்று வைத்தால் தலைக்கு 1,96,667 வரும். ஆச்சியின் வருமானத்தில் அது 39 சதவீதம், விடுதிக்காரருக்கு 7 சதவீதம்கூட இல்லை. கோயில் புள்ளி வரி நம்மைச் சுடாமல் இருப்பதற்குக் காரணம், தொகை எல்லாராலும் முடிகிற அளவில் வைக்கப்படுவதுதான். அதில் கணக்கெடுப்பது யார் நம் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை.

படி 6: தள்ளுபடியும் செஸ்ஸும்

இப்போது உண்மைச் சட்டத்தைச் சேர்ப்போம். 2025-26-இல் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். ஆகவே ஆச்சி அந்த 5,000-ஐயும் கட்ட வேண்டாம். உண்டியல் 5,85,000 ஆகும். சமமான ஒரே விகிதம் 11.7 சதவீதம். படம் பெரிதாக மாறவில்லை. 4 சதவீத செஸ் வரித் தொகையின்மேல் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் விழுவதால், உண்டியல் பங்கை அது தொடவே தொடாது. பட்டறைக்காரர் கடைசியில் கட்டுவது 1,09,200.

"ஒரு ரூபாய் கூடினாலும் படி மாறி எல்லாம் போச்சு" என்ற பயம் பெரும்பாலும் பொய். நம் மூவரின் அளவு வருமானங்களில் ஒரே ஒரு இடத்தில் அதற்குக் கொஞ்சம் வேர் இருக்கிறது, அது இந்த 12 லட்சம்தான். 12,10,000 வருமானம் என்றால் தள்ளுபடி போய், படிக் கணக்கில் 61,500 வரும். பத்தாயிரம் கூடச் சம்பாதித்ததற்கு இவ்வளவா என்று யாரும் கேட்பார்கள். அதனால் விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வைத்து, 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி 10,000-இல் நிறுத்துகிறார்கள். ஏறக்குறைய 12,70,600 வரை இந்த நிவாரணம் உதவும். அந்தக் குறுகிய இடைவெளியில் கூடச் சம்பாதித்தது முழுக்க வரிக்கே போகிறது என்பது உண்மை. கையில் நிற்பது மட்டும் 12 லட்சத்துக்குக் கீழே போகாது. செஸ்ஸைச் சேர்த்தால் கொஞ்சம் இறங்கும், அதிகம் போனால் 2,800 ரூபாய் அளவில்.

விலக்கு கொடுத்த ஒரே விகிதம்

எஸ்டோனியா 1994-இல் 26 சதவீத ஒரே விகிதத்தைக் கொண்டுவந்தபோதும், ஒரு குறிப்பிட்ட தொகைவரை வரி இல்லை என்ற விலக்கு இருந்தது. நம் மூவருக்கும் அதைப் போட்டுப் பாருங்கள். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதிக்கு ஒரே விகிதம். மீதி 1, 11, 26 லட்சம். மொத்தம் 38 லட்சம். 5,90,000 திரட்ட 15.53 சதவீதம் வேண்டும். ஆச்சிக்கு 15,526, பட்டறைக்கு 1,70,789, விடுதிக்கு 4,03,684. தன் வருமானத்தில் பார்த்தால் 3.1, 11.4, 13.5 சதவீதம். விகிதம் ஒன்றுதான், இருந்தும் சுமை ஏறுமுகம். விலக்கு என்பதே முதல் படி என்பதால் அப்படி. ஆச்சி ஓரளவு தப்பித்துவிட்டார். பட்டறைக்காரருக்குத்தான் இன்னும் 65,789 கூடுகிறது. "ஒரே விகிதம்" என்று யாராவது சொன்னால் விலக்கு எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

எத்தனை ஆச்சி, எத்தனை விடுதி

இதுவரை வகைக்கு ஒருவர் என்று வைத்தோம். ஊர் அப்படி இருக்காது. ஒரு விடுதிக்காரருக்கு மூன்று பட்டறைகள், பத்துப் பலகார ஆச்சிகள் என்று வையுங்கள். மொத்த வருமானம் 50 + 45 + 30, ஆக 125 லட்சம். தள்ளுபடி சேர்க்காத அடுக்கு வரி 50,000 + 3,15,000 + 4,80,000, ஆக 8,45,000. சமமான ஒரே விகிதம் இப்போது 6.76 சதவீதம்தான்.

ஆச்சி ஒவ்வொருவரும் 33,800 கட்டுவார், 5,000-க்குப் பதிலாக. விடுதிக்காரர் 2,02,800, பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. பட்டறைக்காரர் 1,01,400. அடுக்கில் அவர் கட்டிய 1,05,000-ஐவிட 3,600 குறைவு! முதல் கணக்கில் 72,000 இழந்தவர், கூட்டாளிகளின் எண்ணிக்கை மாறியதும் லாபக்காரராகிவிட்டார். அவருடைய வருமானமும் மாறவில்லை, வரிப்படிகளும் மாறவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சோதனை: உங்கள் வரியை உங்கள் வருமானத்தால் வகுத்து வரும் சதவீதத்தையும், மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்து வரும் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்களுடையது கீழே இருந்தால் ஒரே விகித வரியில் உங்களுக்குக் கூடும். மேலே இருந்தால் குறையும். பட்டறைக்காரரின் 7 சதவீதம், 11.8-க்குக் கீழே இருந்தபோது கூடியது, 6.76-க்கு மேலே போனதும் குறைந்தது. வகைக்கு ஒருவரை வைத்துப் போட்ட கணக்கைக் காட்டி "நடுத்தரத்துக்கு நஷ்டம்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எத்தனை பேரை வைத்துப் போட்டார் என்று பாருங்கள். இது வருமான வரிக் கணக்கு மட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆச்சி வாங்கும் பொருளில் அடங்கியிருக்கும் ஜிஎஸ்டி இதில் வரவில்லை.

பட்டறைக்காரர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "அப்ப எனக்கு 15 இல்ல, 7 தானாண்ணே?" என்றார். "செஸ்ஸோட சேர்த்தா 7.28" என்றேன்.